நம் ஊர்ச் செடிகளின் பெயரிட்ட படத்தொகுப்பு: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு செயல்முறைக் கடிதம்

அன்புள்ள மாணவர்களுக்கு,

கார்த்திகை மழை நின்றதும் நாம் தொடங்கவிருக்கும் படத்தொகுப்புக்கான செயல்முறையை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். தொகுப்பு முடிந்த பிறகு, அதைக் கொண்டு செடிகளை அடையாளம் காணக் கணினியைப் பழக்கிப் பார்ப்பதாக உங்கள் கணினி ஆசிரியர் கூறியிருக்கிறார். ஆகவே படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதன்மேல் எழுதிய பெயர் சரியானது என்று இன்னொருவர் சரிபார்க்கவும் வழி இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மாணவர்களின் தொகுப்பில் நல்ல படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த இலைப் படமும் எந்தப் பூப் படமும் ஒரே செடியைச் சேர்ந்தவை என்று பின்னர் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த ஆண்டு கணக்கின் அலகு செடியே. எண்ணும் குறிப்பும் பெயரும் செடிக்கு உரியவை. படங்கள் அந்தச் செடிக்கான சான்றுகள். கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

1. செடிகளின் பட்டியலையும் வேலைப் பங்கீட்டையும் முதலில் முடிவு செய்தல்

பன்னிரண்டு செடிகளை எடுத்துக்கொள்வோம்: ஆவாரை, எருக்கு, குப்பைமேனி, தும்பை, துத்தி, நெருஞ்சி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, கீழாநெல்லி, வேலிப்பருத்தி, முடக்கத்தான், வெட்டுக்காயப்பூண்டு. இவை அனைத்தும் பள்ளி வேலியோரத்திலோ, கண்மாய்க்கரையிலோ, தரிசு நிலத்திலோ கிடைப்பவை. மழை முடிந்த சில வாரங்களில் இவற்றில் பலவற்றைப் பூவோடும் காயோடும் பார்க்கலாம். பூவும் காயும் இல்லாத செடிக்கு உறுதியாகப் பெயர் சொல்வது கடினம் என்பதால்தான் கோடையில் தொடங்காமல் மழை நிற்கக் காத்திருக்கிறோம்.

வகுப்பில் உள்ள முப்பத்தாறு பேரும் நான்கு பேர் கொண்ட ஒன்பது குழுக்களாகப் பிரிய வேண்டும். "எங்கள் குழுவுக்குத் தும்பை, அவர்கள் குழுவுக்குத் துத்தி" என்று செடிவாரியாகப் பங்கிட வேண்டும் என்றே எல்லோருக்கும் தோன்றும். அவ்வாறு செய்யக் கூடாது. தும்பைப் படங்கள் எல்லாம் ஒரே தொலைபேசியில், ஒரே செம்மண் தரையில், ஒரே காலை வெயிலில் எடுக்கப்பட்டால், கணினி தும்பையின் இலையைக் கற்பதற்குப் பதிலாகச் செம்மண்ணைக் கற்றுக்கொள்ளும். பிறகு செம்மண்ணில் நிற்கும் எந்தச் செடியையும் தும்பை என்று சொல்லும். எனவே ஒவ்வொரு குழுவும் பன்னிரண்டு வகைகளையும், வகைக்கு இரண்டு செடிகள் வீதம், வெவ்வேறு இரண்டு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் குழுவுக்கு 24 செடிகளும், வகுப்புக்கு 216 செடிகளும், ஒவ்வொரு வகைக்கும் 18 செடிகளும் கிடைக்கும்.

இடங்களையும் இப்போதே ஒதுக்கிவிடுவோம். முதல் ஏழு குழுக்கள் பள்ளியைச் சுற்றியும் கண்மாயின் கிழக்குக் கரையிலும் வேலை செய்யும். எட்டாம், ஒன்பதாம் குழுக்கள் மேற்குக் கரைக்கும் அதை ஒட்டிய தரிசுக்கும் மட்டுமே செல்லும். இதன் காரணம் ஒன்பதாம் பகுதியில் விளங்கும்.

2. புறப்படும் முன் செய்ய வேண்டியவை

குழுவுக்கு ஒரே ஒரு தொலைபேசி போதும். நான்கு பேரும் நான்கு தொலைபேசிகளில் எடுத்தால் படங்களின் வரிசை கலைந்துவிடும். அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா, கேமராவில் இடத்தைப் பதிவு செய்யும் வசதி இயங்குகிறதா, நினைவகத்தில் இடம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதியையும், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையையும் அணைத்துவிட வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் முறை, இலை விளிம்பின் பற்களையும் சேர்த்து மழுப்பிவிடும். நமக்கோ அந்தப் பற்கள்தாம் தேவை.

கொண்டு செல்ல வேண்டியவை: கோடிட்ட நோட்டு, பென்சில், எண் எழுதிய அட்டைத் துண்டுகள், பதினைந்து சென்டிமீட்டர் அளவுகோல், சாம்பல் நிற அட்டை ஒன்று, வெள்ளைப் பருத்தி நூல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். பேனா வேண்டாம், பனி ஈரம் பட்டால் எழுத்து கலைந்துவிடும்.

எருக்கின் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு ஏற்படும். ஆகையால் எருக்கை ஒடிக்காமல் படம் எடுங்கள். கை பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள். பார்த்தீனியம் நம் பட்டியலில் இல்லை, ஆனால் வழியெங்கும் இருக்கும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்து வாருங்கள். நெருஞ்சி இருக்கும் இடத்தில் செருப்பைவிட ஷூ நல்லது. கரைப் புதருக்குள் கை விடும் முன் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். பிறர் வயலிலோ தோட்டத்திலோ நுழைவதற்கு உரிமையாளரிடம் அனுமதி கேட்பது கட்டாயம்.

3. செடிக்கு எண் கொடுத்தல்

செடியைத் தேர்ந்தெடுத்ததும், படம் எடுப்பதற்கு முன்பே அதற்கு எண் கொடுத்துவிடுங்கள். நான்காம் குழுவின் ஏழாவது செடி என்றால் அதன் எண் `G04-P07`. அந்த எண்ணை அட்டையில் பெரிதாக எழுதிச் செடியின் அருகே வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு அட்டையை அகற்றிவிட்டுச் செடியின் படங்களைத் தொடருங்கள். தொலைபேசியில் படங்கள் எடுத்த வரிசையிலேயே இருக்கும் என்பதால், ஓர் அட்டைப் படத்துக்கும் அடுத்த அட்டைப் படத்துக்கும் இடையில் உள்ளவை எல்லாம் ஒரே செடியின் படங்கள் என்று மாலையில் எளிதாகப் பிரித்துவிடலாம். மற்ற படங்களில் அட்டை தெரியக் கூடாது. கணினிக்கு அட்டையும் ஓர் அடையாளமாகிவிடும்.

எண்ணில் செடியின் பெயரோ அதன் சுருக்கமோ வரக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். "துத்தி-1", "துத்தி-2" என்று எழுதுவது வசதியாகத் தோன்றும். ஆனால் பின்னர் அது துத்தி இல்லை என்று தெரிந்தால் எல்லாக் கோப்புகளின் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை மாற்ற மறந்தாலும் தவறான பெயர் தொகுப்புக்குள் தங்கிவிடும். பெயர் மாறக்கூடியது, எண் மாறாதது. ஆகவே பெயர் அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

படம் எடுத்து முடிந்ததும் செடியின் அடித்தண்டில் பருத்தி நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இன்னொரு குழு அதே செடியைப் புதிதென்று எண்ணி எடுத்துவிடாமல் இருக்கவும், சந்தேகம் வந்தால் நீங்கள் அதே செடிக்குத் திரும்பி வரவும் அந்த நூல் உதவும். செடியைப் பிடுங்கினால் இந்த இரண்டாவது வழி அடைபட்டுவிடும்.

4. ஒவ்வொரு செடிக்கும் ஐந்து படங்கள், எப்போதும் இதே வரிசையில்

முதல் படம், முழுச் செடியும் அது நிற்கும் தரையும். படர்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா, ஏறுகொடியா என்பதை இது காட்டும். அளவுகோல் இந்தப் படத்தில் மட்டும் இருக்கலாம்.

இரண்டாவது, தண்டில் இலைகள் அமைந்திருக்கும் விதம். எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்பது தெரிய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படம் இதுவே. தனி இலையைப் பறித்துத் தரையில் வைத்து எடுத்துவிட்டால் இந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது, ஓர் இலையின் மேற்புறம், பக்கத்து இலையைத் திருப்பிப் பிடித்து அதன் அடிப்புறம், இரண்டும் ஒரே படத்தில்.

நான்காவது பூ, ஐந்தாவது காய். பூவை நேர் எதிரே இருந்து எடுப்பது எல்லோருடைய வழக்கம். நீங்கள் பக்கவாட்டில் எடுங்கள். பூவுக்குக் காம்பு உண்டா இல்லையா என்பது பக்கவாட்டில்தான் தெரியும். பொன்னாங்கண்ணியை எடுத்துக்கொள்வோம். அதன் வெண்ணிறப் பூந்தலை இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர்நிலைகளில் பரவியிருக்கும் முதலைக்களையும் அதே இனத்தைச் சேர்ந்தது; அதன் பூந்தலையும் வெண்மையே, ஆனால் தெளிவான காம்பின் நுனியில் நிற்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் வெண்ணிற உருண்டையாகவே தெரியும்.

சிறிய பூவை எடுக்கும்போது தொலைபேசியை மேலும் மேலும் நெருக்கிக் கொண்டுபோவது வழக்கமான தவறு. பெரும்பாலான தொலைபேசிகள் மிக நெருக்கத்தில் குவியமாட்டா. ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பூவுக்குப் பின்னால் சாம்பல் அட்டையைப் பிடித்து, திரையில் பூவைத் தொட்டுக் குவியச் செய்து எடுங்கள். பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அட்டை இல்லாவிட்டால் கேமரா பூவை விட்டுப் பின்னால் உள்ள புல்லில் குவிந்துவிடும். தும்பை போன்ற வெள்ளைப் பூக்கள் உச்சி வெயிலில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும் என்பதால் திரையில் ஒளியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒருவர் நிழல் விழும்படி நிற்கட்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நெருஞ்சிப் பூவைக் காலையில் பாருங்கள். துத்திப் பூ பிற்பகலுக்குப் பிறகு மாலையை ஒட்டி விரியும்; காலையில் போய்விட்டுத் துத்தியில் பூவே இல்லை என்று திரும்பி வந்த குழுக்களை நான் கண்டிருக்கிறேன். எனவே ஒரு காலை, ஒரு மாலை என இரண்டு வேளை தேவைப்படும்.

பூவோ காயோ இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அட்டவணையில் "காய் இல்லை" என்று எழுதுங்கள். பக்கத்துச் செடியின் காயைப் படமெடுத்து இந்த எண்ணில் சேர்க்கக் கூடாது.

5. முதலில் பார்த்ததை எழுதுதல், பிறகு பெயர்

செடியின் முன் நிற்கும்போதே நோட்டில் மூன்று நான்கு வரிகள் எழுத வேண்டும்: இலை அமைப்பு, இலை வடிவம், பூவின் நிறமும் இதழ் எண்ணிக்கையும், காயின் மேற்பரப்பு, தண்டை ஒடிக்காமலே தெரியும் மயிர் அல்லது முள், தரையின் தன்மை. இவற்றை எழுதி முடித்த பிறகே பெயரை எழுதுங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால், அந்தப் பெயருக்குரிய அடையாளங்களைப் பாடப்புத்தகத்திலிருந்து நினைவுகூர்ந்து எழுதிவிடுவோம்; கண்ணெதிரே நிற்பது வேறாக இருந்தாலும் கவனிக்கமாட்டோம்.

பெயருக்கு மூன்று கட்டங்கள் உண்டு. ஒன்று, ஊர் வழக்குப் பெயரும் அதைச் சொன்னவர் யார் என்பதும். "பாட்டி", "ஆடு மேய்ப்பவர்" என்று எழுதினால் போதும், ஆள் பெயர் வேண்டாம். இரண்டு, அறிவியல் பெயர். மூன்று, உறுதி நிலை: உறுதி, ஐயம், தெரியவில்லை. வழக்குப் பெயரைத் தனிக் கட்டத்தில் வைப்பதற்குக் காரணம், ஒரே பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறிப்பதுண்டு. கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூ உள்ள எக்லிப்டா புரோஸ்ட்ராட்டாவையும் சொல்வார்கள், மஞ்சள் பூ உள்ள வேறொன்றையும் சொல்வார்கள். நம் பட்டியலில் இருப்பது வெள்ளைப் பூ உள்ளது.

அறிவியல் பெயர்களிலும் பழையவையும் புதியவையும் கலந்து கிடக்கும். ஆவாரையைப் பழைய நூல்கள் காசியா ஆரிகுலாட்டா என்கின்றன. இப்போது வழங்குவது சென்னா ஆரிகுலாட்டா. இரண்டு குழுக்கள் இரண்டு பெயர்களை எழுதினால் அட்டவணையில் அவை இரண்டு செடிகளாகிவிடும். இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் தேடி, அங்கு ஏற்கப்பட்ட பெயராகக் காட்டப்படுவதை மட்டும் எழுதுவோம்.

6. ஒரு செடியை முழுமையாகப் பார்ப்போம்

`G04-P07` என்ற செடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெல் வரப்பின் ஓரம், ஒரு சாண் உயரம், புளியிலை போன்ற சிற்றிலைகள், கிளையின் அடிப்புறத்தில் வரிசையாகச் சிறு மணிகள். எல்லோரும் உடனே "கீழாநெல்லி" என்பார்கள். பெயரை நிறுத்தி வைத்து, பார்ப்பதை எழுதுவோம்.

தண்டு இளஞ்சிவப்பு. இலைகள் சிறு பக்கக் கிளைகளில் மட்டும் இரு வரிசையாக உள்ளன. முதன்மைத் தண்டில் இலை இல்லை. இந்த ஒரு குறிப்பினாலேயே மேலாநெல்லி விலகிவிடுகிறது, ஏனெனில் அதன் இலைகள் ஆப்பு வடிவில் தண்டைச் சுற்றியும் அமைந்திருக்கும். அடுத்து, கிளையைத் திருப்பிக் காயைப் பக்கவாட்டில் எடுத்த ஐந்தாவது படம். காய் கிளையோடு ஏறக்குறைய ஒட்டியிருக்கிறது. கைலென்ஸில் பார்த்தால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது. கீழாநெல்லியான ஃபைலாந்தஸ் அமாரஸில் காய் வழவழப்பானது, சிறிய ஆனால் தெளிவான காம்பில் தொங்கும். பூவைப் பார்த்தால் ஆறு இதழ்கள், கீழாநெல்லியில் ஐந்து. குண்டூசித் தலை அளவுள்ள அந்தப் பூவில் இதழ் எண்ணுவதற்குக் கைலென்ஸ் இல்லாமல் முடியாது.

ஆகவே இந்தச் செடி சிவப்புக் கீழாநெல்லி, அறிவியல் பெயர் ஃபைலாந்தஸ் யூரினாரியா. வழக்குப் பெயர்க் கட்டத்தில் "கீழாநெல்லி, சொன்னவர்: பாட்டி" என்பது அப்படியே இருக்கும், அவர் சொன்னது அந்த ஊர் வழக்கு, அதைத் திருத்த நமக்கு வேலையில்லை. அறிவியல் பெயர்க் கட்டத்தில் மட்டும் யூரினாரியா என்று வரும். இது நம் பன்னிரண்டில் இல்லாததால், நான்காம் குழு இன்னொரு கீழாநெல்லியைத் தேடி `G04-P25` என்று புதிய எண் கொடுக்க வேண்டும். பழைய எண்ணை அழித்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

காயின் பக்கவாட்டுப் படம் இல்லாமல் முழுச் செடிப் படம் மட்டும் இருந்திருந்தால், இந்தச் செடி கீழாநெல்லி என்ற பெயரிலேயே தொகுப்பில் நின்றிருக்கும்.

7. அன்று மாலையே படங்களை மாற்றி வைத்தல்

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த இடம், நேரம் பற்றிய பதிவும் போய்விடும். கேபிள் மூலம் பள்ளிக் கணினிக்கு மாற்றுவது நல்லது. வேறு வழியில்லையென்றால் ஆவணமாக அனுப்புங்கள். மாற்றிய பிறகு கோப்புகளுக்கு இவ்வாறு பெயரிட வேண்டும்; 0 என்பது அட்டைப் படம்.

```
G04-P07-0.jpg
G04-P07-1.jpg
G04-P07-2.jpg
G04-P07-3.jpg
G04-P07-4.jpg
G04-P07-5.jpg
```

அன்று மாலையே என்று சொல்வதற்குக் காரணம், ஐந்தாவது படம் மங்கலாக இருப்பது பெரிய திரையில்தான் தெரியும். மறுநாளே போனால் செடியும் நூலும் இருக்கும், ஒரு வாரம் கழித்துப் போனால் ஆடு மேய்ந்திருக்கும். படத்தில் யாருடைய முகமோ வீட்டு வாசலோ தெரிந்தால் அதை வெட்டிவிடுங்கள்.

8. பெயர் தெரியாத மற்றொரு குழு சரிபார்த்தல்

ஒவ்வொரு குழுவின் படங்களும் அடுத்த குழுவிடம் எண்ணோடு மட்டும் போகும், அட்டவணை போகாது. அவர்கள் ஐந்து படங்களையும் பார்த்துத் தாங்களாகப் பெயர் எழுத வேண்டும். முதல் குழு எழுதிய பெயரைப் பார்த்துவிட்டுச் சரிபார்த்தால் எல்லோரும் தலையசைத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

இரு பெயர்களும் ஒத்துப்போனால் உறுதி. ஒத்துப்போகாவிட்டால் யார் வென்றார் என்று வாக்கெடுக்க வேண்டாம். இரு குழுவிலிருந்தும் ஒவ்வொருவர் செடிக்குத் திரும்பிப் போய், எந்த அடையாளத்தில் கருத்து வேறுபட்டதோ அதை மட்டும் பார்த்து வாருங்கள். அப்போதும் முடிவாகாதவற்றுக்கு, பூவும் காயும் உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்தி உலர்த்தி எண்ணோடு என்னிடம் கொடுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலோ, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ காட்டிக் கேட்கலாம். படத்தைவிட உலர்த்திய கிளையை அவர்கள் நம்பிப் பார்ப்பார்கள், ஏனெனில் அதில் பூவைப் பிரித்துப் பார்க்க முடியும்.

"தெரியவில்லை" என்று நிற்கும் செடிகளுக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன். ஊகித்து எழுதிய பெயருக்குக் குறைப்பேன்.

9. கணினிக்குக் கொடுக்கும் முன் பிரித்தல்

கணினி எவ்வளவு கற்றது என்று அறிய, அது பார்க்காத படங்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். இதற்கு எல்லாப் படங்களையும் கலைத்துப் போட்டு ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் `G04-P12`-இன் இரண்டாவது படம் பயிற்சியிலும் அதே செடியின் மூன்றாவது படம் சோதனையிலும் போய்விடும். ஒரே தண்டு, ஒரே பூச்சி கடித்த இலை, ஒரே மண். கணினி செடியின் வகையை அறியாமலே அந்தத் தனிச் செடியை நினைவில் வைத்துச் சரியான விடை சொல்லிவிடும். மதிப்பெண் உயர்ந்திருக்கும், வெளியே கொண்டுபோனால் தடுமாறும்.

எனவே படங்களைப் பிரிக்காமல் செடிகளைப் பிரிப்போம். எட்டாம், ஒன்பதாம் குழுக்களின் செடிகள் எல்லாம் சோதனைக்கு. மற்ற ஏழு குழுக்களின் செடிகள் எல்லாம் பயிற்சிக்கு. வகைக்கு 14 செடிகள் பயிற்சியிலும் 4 செடிகள் சோதனையிலும் இருக்கும். அந்த இரு குழுக்களையும் மேற்குக் கரைக்கு மட்டும் அனுப்பியது இதற்காகத்தான்: செடி மட்டுமன்றித் தரையும் கணினிக்குப் புதியதாக இருக்கும். "ஐயம்", "தெரியவில்லை" என்று குறித்தவை இரண்டிலும் சேரா. பட்டியலில் இல்லாத `G04-P07` போன்றவையும் சேரா. அவை அட்டவணையில் மட்டும் இருக்கும்.

நான்கு செடிகள் என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு வகையில் ஒரு செடி தவறினாலே மதிப்பெண் பெரிதும் மாறிவிடும் என்பதால், முடிவைச் சதவீதமாக மட்டும் எழுதாமல் எந்தச் செடியை எதுவாகக் கணினி நினைத்தது என்று எண்ணோடு எழுதி வையுங்கள். அதில் ஒரே செடி திரும்பத் திரும்பத் தவறினால், கணினியைக் குறை சொல்லும் முன் அந்தச் செடியின் ஐந்தாவது படத்தை ஒருமுறை திறந்து, நாம் எழுதிய பெயரே சரிதானா என்று பாருங்கள்.

குழுப் பட்டியலையும் ஒவ்வொரு குழுவின் தொலைபேசி யாருடையது என்பதையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்புத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அட்டவணைக்கான தாளை அன்று நான் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் ஆசிரியர்